லாரி வாடகையில் எழுதிய கப்பல் கூலி

நீடாமங்கலத்தில் ஓர் அரிசி ஆலையில் பதினெட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அலுப்பு எனக்குப் பழகிய ஒன்றுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த அலுப்பு மட்டும் வேறு மாதிரி, ஏனென்றால் அதற்குக் காரணம் நானே.

துபாய் பார்ட்டி ஒருவருக்கு முதல் கன்டெய்னர் போயிருந்தது. இருபத்தைந்து டன், டன்னுக்கு 620 டாலர். மாதாமாதம் ஒரு கன்டெய்னர் எடுக்கும் சிங்கப்பூர் பாய் கொடுப்பது 570. முத்துப்பேட்டைக்காரர். அறுவடை இல்லாத மாதங்களில் எங்கள் சம்பளமே அவர் ஆர்டரில்தான் வரும். என் அடக்கக் கணக்கைப் பார்த்த முதலாளி, துபாய்க்கே பத்து கன்டெய்னர் ஒப்பந்தம் போட முடிவு செய்து, திங்கட்கிழமை பாயிடம் “இனிமே தோதுப்படாதுங்க” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஒப்பந்தத்துக்காகத் துபாய் இன்வாய்ஸை எடுத்தேன். விலைக்குப் பக்கத்தில் சி.ஐ.எஃப். துபாய் என்று இருந்தது. பாயின் இன்வாய்ஸில் எப்போதும் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. அதாவது பாயின் 570, கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை. கப்பல் கூலியும் இன்சூரன்சும் அவர் தலையில். இந்த 620-க்குள் அந்த இரண்டும் இருக்கின்றன, நாம்தான் கட்ட வேண்டும்.

இன்வாய்ஸில் அவற்றைப் பிரித்துப் போடவில்லை. ஃபைலைக் கொட்டித் தேடினேன். கப்பல் ஏஜென்ட் பில் 1,500 டாலர். அதை நான் தூத்துக்குடி லாரி வாடகையோடு சேர்த்துப் பொதுச் செலவில் எழுதித் தொலைத்திருந்தேன். இன்சூரன்ஸ் பத்திரத்தில் பெரிதாக இருந்த தொகை சரக்குக்கான காப்புத் தொகை. நமக்கு வேண்டிய பிரீமியம் கீழே, 50 டாலர். மொத்தம் 15,500-ல் இரண்டையும் கழித்தால் சரக்கு மதிப்பு 13,950. இருபத்தைந்தால் வகுத்தால் டன்னுக்கு 558. லாரி வாடகை இருவருக்கும் ஒன்றுதான், அதைத் தொட வேண்டியதில்லை. மூன்று தடவை போட்டும் அதே 558.

முதலாளியிடம் காட்டினேன். திட்டியிருந்தால் தேவலை. “பாய்க்கு நீங்களே போன் போடுங்கம்மா. எனக்கு எந்த முகத்த வச்சுக்கிட்டுப் பேசுறதுன்னு தெரியல” என்றார்.

போட்டேன். “தப்பு எங்க மேலதான் பாய். துபாய் வெலையில கப்பல் கூலியும் சேந்திருக்கு. நீங்க குடுக்குறதுதான் அதிகம். பழையபடி எடுத்துக்குங்க” என்றேன்.

“நேத்தே கேட்டேம்மா, அது சி.ஐ.எஃப். வெலையான்னு,” என்றார் நிதானமாக. “நீங்க கணக்குப் பாத்தாச்சுன்னு உங்க முதலாளி சொன்னாரு. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்னு நானும் மேக்கொண்டு பேசல. காலையில மன்னார்குடி மில்லுக்கு அட்வான்ஸ் அனுப்பிட்டேன்.”

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.