விக்கல் எடுத்த கடல்

நாவலூரில் நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு சிறிய அனிமேஷன் அலுவலகம் நடத்துகிறோம். மாமல்லபுரத்தில் ஒரு புதிய ஓட்டலின் வரவேற்பறைத் திரைக்கு இருபது நொடிப் படம் கேட்டிருந்தார்கள். கடலில் ஏழு படகுகள் ஆட வேண்டும். படம் முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கி நாள் முழுக்க ஓட வேண்டும்.

எந்த நொடியில் எவ்வளவு சாய வேண்டும் என்று குறிக்கும் கீஃப்ரேம்களை ஒவ்வொரு படகுக்கும் நான் பொறுமையாக வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், இன்னா கோலமா போட்டுகினு கீற? தள்ளு."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சாய்வில் 'விக்கிள்' என்ற எக்ஸ்பிரஷனை, அதாவது தானே அசைய வைக்கும் ஒரு வரிக் கட்டளையை, எழுதினான். நொடிக்கு எத்தனை தடவை, எத்தனை டிகிரி என்று இரண்டே எண்கள். படகுகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடின. எனக்கும் பிடித்துவிட்டது. ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்து அனுப்பிவிட்டோம்.

திறப்பு விழா அன்று காலை ஓட்டல் முதலாளி போனில் கத்தினார். போய்ப் பார்த்தால், இருபது நொடிக்கு ஒருமுறை ஏழு படகும் சேர்ந்து ஒரு குதி குதித்தன. சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன் இறக்க வந்தவர் கூடையோடு நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, கடலுக்கு விக்கலா?"

முதலாளி சிரிக்கவில்லை. திரையை மறைக்க ஃபிளெக்ஸ் பேனரும் ஏணியுமாக ஓர் ஆளை வரவழைத்திருந்தார். "மதியத்துக்குள்ள சரியாகலன்னா பேனர்தான். பில்லு அனுப்பாதீங்க."

"முடிவுல இருட்டாக்கி மறைச்சிடலாமா?" என்றான் கூட்டாளி.

"என் திரை இருட்டாவக் கூடாது."

விக்கிள் மனம்போனபடி அசைப்பது. கடைசி ஃபிரேமில் படகு எங்கே நிற்கிறதோ, அது முதல் ஃபிரேமோடு பொருந்தாது. மடிக்கணினியைத் திறந்து விக்கிளை எடுத்துவிட்டு, படகுக்கு மூன்றே கீஃப்ரேம் வைத்தேன்: இடப்பக்கச் சாய்வு, வலப்பக்கம், மறுபடி அதே இடப்பக்கம். 'லூப்அவுட்' என்ற எக்ஸ்பிரஷன் அதையே கடைசிவரை திருப்பித் திருப்பி ஓட்டும். ஒரு சுற்றுக்கு நான்கு நொடி. குதி போய்விட்டது.

மீன்காரருக்குத் திருப்தியில்லை. "எல்லாம் ஒண்ணா சாயுதே, பரேடா நடக்குது? சின்ன போட்டு வெடுக்கு வெடுக்குனு ஆடும். பெருசு மெதுவாத்தான்."

"இவர் வேற பேஜாரு பண்றாரு," என்று முனகியபடியே கூட்டாளி ஒரு பெரிய படகின் சுற்றை ஏழு நொடியாக்கினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். ஏழு நொடிச் சுற்று மூன்றாவது முறை முடிவதற்குள் இருபது நொடி தீர்ந்துவிடும். அந்தப் படகு மறுபடி குதிக்கும். சின்னவற்றுக்கு இரண்டும் நான்கும், நடுத்தர அளவுக்கு ஐந்து, பெரியதற்குப் பத்து என்று பிரித்துப் போட்டேன். எல்லாம் இருபதில் மீதியில்லாமல் அடங்கின.

புதிய படத்தைத் திரையில் ஓடவிட்டோம். முதலாளி சோபாவில் உட்கார்ந்து, குதி எப்போது வரும் என்று கண்கொட்டாமல் பார்த்தார். டீ ஆறியது.

"எங்கய்யா முடியுது இது?"

"முடிஞ்சு பத்து பதினஞ்சு வாட்டி ஆயிடுச்சு சார்," என்றான் கூட்டாளி.

முதலாளி ஏணியில் நின்றவனைப் பார்த்துக் கையசைத்தார். "எறங்குப்பா. பேனர் வேணாம்."