வேலை போன செய்தியும் ஒரு வருத்தமும்

அடையாறில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் காவலாளி என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் காலையில் நான் இறங்கி வரும்போது, “ஆபீஸா சார்?” என்று கேட்பார். நான் “ஓம்” என்பேன். யாழ்ப்பாணத்தில் ‘ஆமாம்’ என்பதற்கு நாங்கள் சொல்வது அதுதான். அவரோ உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, “நமசிவாய சார்” என்று முடித்து வைப்பார். பதினொரு வருடமாகத் திருத்த நினைக்கிறேன், இன்னும் முடியவில்லை. ஒரே மொழி பேசும் ஊருக்கு வந்து குடியேறியவனுக்கு நேரும் சங்கடம் இது. மொழி தெரியாத நாடாக இருந்திருந்தால் கையைக் காலை ஆட்டியாவது புரியவைத்திருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் அந்த ‘ஓம்’ சுத்தப் பொய்யாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை போய்விட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் பாட வீடியோக்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், தியாகராய நகர் அலுவலகத்தில், தமிழ்ப் பிழை திருத்துவது என் வேலை. மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் என்னைச் சின்ன அறைக்கு அழைத்து, தமிழ்ப் பிரிவையே மூடுகிறார்கள் என்றும், “உங்கள விடுவிக்கிறோம் சார்” என்றும் மிக மரியாதையாகச் சொன்னார். எங்கள் ஊரில் விடுவிப்பது என்றால் தடுப்பு முகாமிலிருந்துதான். பழக்க தோஷத்தில் நான் “நன்றி” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அழத் தயாராகிவிட்டார். கடைசியில் நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மனைவி மாலாவிடம் அன்று மாலையே சொன்னேன். அவள் சிந்தாதிரிப்பேட்டைக்காரி, ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “உங்க வீட்ல எப்ப சொல்ற?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. நாளைக்கு என்றேன். மறுநாள் காலை மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு, காவலாளியிடம் ‘ஓம்’ சொல்லிவிட்டு, மயிலாப்பூர்க் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும் அங்கேதான். அம்மா வழக்கம்போல மதியம் அழைத்து “சாப்பிட்டனியோ?” என்று கேட்டபோது, அலுவலகக் கன்டீனில் சாப்பிட்டதாக ஒரு சாம்பார் சாதத்தையே கற்பனை செய்து சொன்னேன். அதில் உப்புக் குறைவு என்றுகூடச் சொன்னேன்.

தயங்கியதற்குக் காரணம் அப்பாவின் முழங்கால். தை மாதம் அவரைச் சென்னைக்கு அழைத்துவந்து சத்திரசிகிச்சை செய்விப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவரும் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லி, பயணத்துக்கென்று புதிதாக ஒரு பெட்டியும் வாங்கிவிட்டார்.

குளக்கரையில் மூன்றாம் நாள் என் சித்தப்பா நினைவுக்கு வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, கூட்டுறவுச் சங்கத்தில் அவருடைய வேலை போனது. இரண்டு மாதம், தோய்த்து மடித்த சட்டையோடு தினமும் புறப்பட்டு வாசிகசாலையில் போய் உட்கார்ந்திருந்தார். சித்திக்கு விஷயம் தெரிந்தது சந்தையில், மீன் வாங்கும்போது, யாரோ ஒருத்தி அனுதாபப்பட்டதால். வேலை போனதற்கு யாரும் அவரைக் கோபிக்கவில்லை. “எங்களை விசராக்கிப் போட்டான்”, பைத்தியக்காரராக்கிவிட்டான், என்றுதான் அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தா. இப்போது நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன். நன்றாகவே இஸ்திரி போட்டிருந்தேன்.

அன்றே அம்மா அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். பிழை திருத்துபவன் அல்லவா, முதல் படி இரண்டு பக்கம் வந்தது. ‘யாரும் பயப்பட வேண்டாம்’ என்று தொடங்கி, உலகப் பொருளாதாரத்தைத் தொட்டு, வேலை போனது நான்காவது பத்தியில் வந்தது. மாலா படித்தாள்.

“பயப்படாதீங்கன்னு ஆரம்பிச்சா, நீ ஆஸ்பத்திரில கீறன்னு நெனச்சுக்குவாங்கப்பா. இன்னா ஆச்சோ அத மொதல்ல சொல்லு.”

இரண்டாம் படியில் ‘சிறிது ஓய்வு எடுக்கலாம் என்றிருக்கிறேன்’ என்று எழுதினேன். அவள் அதைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது படி சுருக்கமாக, நேராக, எனக்கே பிடித்த மாதிரி இருந்தது. அவள் மேலும் கீழும் தேடினாள்.

“மாமாவோட முட்டி மேட்டர் எங்க?”

அதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றேன். தையில் வரப்போகிறோம் என்று அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த ஒன்றை மட்டும் மறைத்தால், மற்றது எல்லாம் உண்மையாக இருந்து என்ன பயன் என்றாள். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அன்றிரவு முழுவதும் பிடித்தது.

குடும்பக் குழுவில் போட்டால் கனடாப் பெரியப்பா முதலில் பார்த்து அம்மாவுக்கு அழைப்பார். ஆகவே யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் தங்கை சுமதியிடம் முதலில் சொன்னேன். சனிக்கிழமை காலை அவள் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அனுப்பினேன்:

‘அம்மா, அப்பா, ஒரு கெட்ட செய்தி. எனக்கு வேலை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள், என்னோடு சேர்த்து ஆறு பேர். நான் பிழை ஒன்றும் செய்யவில்லை. நாலு நாள் உங்களிடம் மறைத்தேன், அதுதான் பிழை. மாலாவின் வேலை இருக்கிறது, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. இங்கே தங்கும் உரிமை எனக்குக் கலியாணத்தால் வந்தது, வேலை போனதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அப்பாவின் சத்திரசிகிச்சையைத் தையில் செய்யலாம் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலும் பெயரைப் பதிந்து வையுங்கள். பங்குனியில் எல்லோருமாகப் பேசி முடிவெடுப்போம். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சமாளிக்கிறேன். காசு அனுப்ப வேண்டாம். பெரியப்பா ஆட்களுக்கு நானே சொல்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு அழைக்கிறேன், எதையும் கேளுங்கள்.’

நாளைவரை யார் பொறுப்பது? மூன்று நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் அம்மா.

“தம்பி, வேலை போனாப் போகட்டும். உனக்கு என்ன வருத்தம்? டொக்டரிட்டைக் காட்டினியோ?”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். மனத்துக்கு வருவதைக் கவலை என்போம். பதினொரு வருடத்துச் சென்னை, என் கைவழியாகப் புகுந்து அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டது. நான் நோயில் விழுந்ததால் வேலையிலிருந்து நிறுத்தினார்கள், மாலா பரிசோதனைக் கூடத்தில் இருப்பதால் விஷயம் தெரிந்தும் மறைக்கிறாள் என்று அம்மா அந்த மூன்று நிமிடத்தில் ஒரு முழுக்கதையே கட்டியிருந்தா. சுமதியும் கூடவிருந்து அழுதிருக்கிறாள். தமிழ்ப் பிழை திருத்துபவனை ஏன் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. வருத்தம் இல்லை அம்மா, கவலைதான் என்று நாலைந்து தரம் சொன்னேன். கடைசியில் வீடியோவில் முகத்தைக் காட்டி, நாக்கையும் நீட்டிக் காட்டிய பிறகே நம்பினா. கவலை என்றதும் அவவுக்கு எவ்வளவு ஆறுதல்!

பிறகு அப்பா தொலைபேசியை வாங்கினார். அந்த வரியை வாசித்திருந்தார் என்பது அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது.

“முழங்கால் என்னோடைதான் இருக்குது, எங்கையும் ஓடிப்போகாது. தையிலை வாறம் எண்டு நான்தான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டன், அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ ஒளிக்காமல் சொன்னாய். அது காணும், போதும்.”

அவருக்கு ஏமாற்றம்தான். அவர் அதை மறைக்கவும் இல்லை, என் தலையில் சுமத்தவும் இல்லை. திங்கட்கிழமையே சுமதி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பெயர் பதிந்தாள். முறை இன்னும் வரவில்லை. பங்குனியில் பேசினோம், ஆவணியில் மறுபடி பேசுவோம் என்று முடிவெடுத்தோம்.

பங்குனி முடிவதற்குள் கிண்டியில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் ஒரு பெயருக்கும் ஓர் எண்ணுக்கும் மட்டுமே கட்டம் இருந்தது. மாலாவின் பெயரை எழுதினேன். கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில், அம்மாவின் இலங்கை எண்ணையும் பொடி எழுத்தில் எழுதினேன். எதிரே இருந்தவர், “அதெல்லாம் சிஸ்டத்துல ஏறாது சார், ஒண்ணுதான் எடுக்கும்” என்றார். இருக்கட்டும் என்று சொல்லி, அதன்மேல் மை காயும்வரை ஊதிவிட்டுக் கொடுத்தேன்.