செக்கிங் அக்காவின் இனிஷியல்

அந்தப் பனியன் கம்பெனியில் ஒரே பெயரில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. மூன்றாமவர் கல்யாணமான கையோடு அப்பா எழுத்தை விட்டுவிட்டுப் புருஷன் எழுத்துக்கு மாறினார். பார்த்தால் அதுவும் அதே எழுத்து. ஒரு சனிக்கிழமை சம்பளக் கவர் கை மாறிப்போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது.

வருகையும் சம்பளமும் எழுதுகிற டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்தவன் நான். வயது இருபத்து நான்கு, பி.காம். முடித்த திமிர் வேறு. அப்பன் எழுத்தும் வேண்டாம், புருஷன் எழுத்தும் வேண்டாம் என்று முடிவு செய்து, வேலை பார்க்கிற செக்சனின் எழுத்தையே ஆங்கிலத்தில் இனிஷியலாகப் போட்டுவிட்டேன். தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருப்பவருக்கு சி, பேக்கிங்குக்கு பி, அயர்னிங்குக்கு ஐ, டெய்லருக்கு டி, ஹெல்பருக்கு எச். அதற்குப் பிறகு கவர் மாறவே இல்லை. "பரவால்லியே, மண்டையில கொஞ்சம் இருக்குதே" என்று முதலாளி சொன்னார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் எல்லாருக்கும் பி.எஃப். பிடிக்க ஆரம்பித்தார்கள். சரக்கு அனுப்புகிற ஷிப்மென்ட் நேரம், தலைக்கு மேல் வேலை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே படிவத்தில் எழுதினேன். தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எழுந்துபோய் ஒவ்வொருவரிடமும் கேட்கச் சோம்பல். கோடு போட்டேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ஐந்து பேரில் ஒருவரான செக்கிங் அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவர். தமிழில் ஐந்தாவது வரை படித்தவர். படிவம் இங்கிலீசில் இருப்பதால் கையெழுத்தும் இங்கிலீசில் இருந்தால் நல்லது என்று நான் சொன்னதும், "இங்கிலீசுல எப்பிடீனு எழுதிக் குடுங்க தம்பி, பாத்துப் போட்டுப் பழகிக்கிறேன்" என்றார். பனியன் பெட்டி அட்டையைக் கிழித்து, சி, புள்ளி, பெயர் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் மதியச் சோற்று நேரத்தில் சாக்பீசால் டேபிளின் ஓரத்தில் எழுதி எழுதிப் பழகினார். முதல் எழுத்தை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, நிதானமாகப் போடுவார். அவ்வளவு பெரிய சி எதற்கு என்று நான் கேலி செய்ததும் உண்டு.

ஏழு வருஷம் கழித்துக் கம்பெனி மூடப்பட்டது. முதலாளியும் போய்ச் சேர்ந்தார். ஷெட் இப்போது யாருடைய குடோனோ. நான் வேறு கம்பெனிக்குப் போனேன். அக்கா பி.எஃப். இல்லாத சின்னச் சின்ன யூனிட்டுகளில் வேலை பார்த்துவிட்டு, கடைசியாக ஒரு பெரிய கம்பெனியில் நாலு வருஷம் இருந்தார். அங்கே ஆதாரைப் பார்த்துப் பெயரை ஏற்றினார்கள். ஆதாரில் அவருக்குப் புருஷன் எழுத்து, ஆர்.

போன வருஷம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடித் தேடிக் கண் போய்விட்டது. என் வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். "மாசம் ஆயிரம் ரூவா வந்தாலும் போதுமுங்க தம்பி. மாத்திரைக்குப் பையன் கையப் பாத்து நிக்க வேண்டாம்" என்றார். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஏழும் நாலும் பதினொன்று. ஆனால் ஏழு வருஷம் வேலை பார்த்தவர் சி, நாலு வருஷம் வேலை பார்த்தவர் ஆர். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலை தொடங்கியது. கம்பெனி இருந்தால் முதலாளி தரப்பும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பெயரைத் திருத்தக் கேட்கலாம். கம்பெனியே இல்லை. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். பழைய பெட்டியைக் குடைந்து ஈ.எஸ்.ஐ. அட்டை, அடையாள அட்டை, ஒரு சம்பளச் சீட்டு எல்லாம் எடுத்து வந்தார். அத்தனையிலும் சி. அத்தனையும் என் கையெழுத்து.

நாலாவது தடவை பி.எஃப். ஆபீஸ் போனபோது நானும் உள்ளே போனேன். கவுண்டரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஒவ்வொரு காகிதத்தையும் பொறுமையாகப் புரட்டினார்.

"நீங்க தர்ற எல்லாப் பேப்பரும், சி-ங்கிறவங்க அங்க வேலை பாத்தாங்கன்னுதான் சொல்லுது. அவங்கதான் இவங்கன்னு ஒரு பேப்பரும் சொல்லலியே" என்றார்.

"சார், நான்தான் அந்தக் கம்பெனி டைம் ஆபீஸ். எழுதினதே நான்தான். இவங்களேதான் சார்" என்றேன்.

"நீங்க சொல்றத நான் நம்பறேன் சார். ஃபைல்ல நம்பிக்கைய எப்பிடி வெக்கிறது? அப்பா பேராவது பழைய படிவத்துல இருந்தா ஒத்துப்பாத்துக் குடுத்தர்லாம். அந்தக் கட்டத்துல கோடு போட்டிருக்கு."



அவர் புதுப் படிவம் ஒன்றைத் தள்ளி, ஆதாரில் உள்ளபடி பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பெயரை நான் எழுதினேன், ஆர் போட்டு. அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டார். முதலில் பெரிதாக, நிதானமாக, ஒரு சி.

கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த சி யாரும்மா?" என்று கேட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "எங்க அய்யனுங்க" என்றார்.

"அப்பா பேரு என்ன?"

அக்கா சொன்னார். அது எம்-மில் ஆரம்பிக்கிற பெயர். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து பல்லடம் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில். அக்கா மஞ்சள் பைக்குள் காகிதங்களை வைத்து வாயைச் சுருட்டி மடக்கிக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, எங்க அய்யன் பேருக்கு அந்த எழுத்து வராதுங்களா?"

"வராதுங்க அக்கா."

"அப்ப அது ஆரு எழுத்துங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பொய்யும் வரவில்லை. "செக்கிங்குங்க அக்கா. நீங்க செக்கிங்ல இருந்ததுனால நான் போட்டதுங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைக்கும்போதுதான் சொன்னார்.

"நான் எழுதப் படிக்கோணும்னு எங்க அய்யனுக்கு அத்தன ஆசைங்க. அஞ்சாவதோட நிறுத்தறப்ப அழுதுட்டாரு. அதுனாலதானுங்க தம்பி, கையெழுத்துப் போடறப்பெல்லாம் அவரு எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுவேன்."