மாலை போட்ட முகம்

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்காரர் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். பிடிப்பது அவர், அச்செடுப்பது நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த வேலை கிட்டியதே பெரிது. ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கண்ணாடித் தகடு கை நழுவிவிடுமோ, மருந்துக் கையோடு சோற்றைப் பிசைந்துவிடுவேனோ, மேகம் வந்து அச்சைக் கெடுத்துவிடுமோ என்று நாள் முழுக்க நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

தகட்டில் முகம் கறுத்தும் தலைமயிர் வெளுத்தும் இருக்கும். அதன்மேல் மருந்துத் தாளை வைத்து, சட்டத்தில் இறுக்கி, மாடி வெயிலில் வைத்தால் ஆள் பைய மேலே வருவார். படம் எடுத்துக்கொண்டவர்கள் தாளை வாங்கிக்கொண்டு போவார்கள். தகடு கடையிலேயே இருக்கும். மறு அச்சு கேட்டால் வேண்டுமே, அதற்காக. அதுதான் வழக்கம். பெட்டி பெட்டியாகப் பாதி ஊர் எங்கள் உள்ளறையில் அடுக்கி இருந்தது. அந்த அறைக்குள் போகும்போது நான் இருமிவிட்டுத்தான் போவேன்.

ஒரு நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு நெல் வியாபாரி வந்தார். மனைவி பிரசவத்தில் இறந்து ஒரு வருஷம். அவளைப் படமே எடுத்ததில்லை. வாசல் கண்ணாடிப் பெட்டியில் அழகுக்கு வைத்திருந்த படங்களைப் பார்த்தவர், ஒன்றின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கொழும்புக்குக் கப்பலேறும் முன் ஒருவர் தன் மனைவியோடு எடுத்துக்கொண்ட படம் அது. அந்தப் பெண் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

“எம் பொஞ்சாதி வே இது. அதே கண்ணு, அதே பார்வ,” என்றார்.

“அது வேற வீட்டுப் பொம்பள, அண்ணாச்சி,” என்றார் என் வீட்டுக்காரர்.

“தெரியுது. முகத்த மட்டும் எடுத்துக் குடும். பிள்ளைக்கு அம்மான்னு காட்ட ஒண்ணு வேணும்லா.”

என் வீட்டுக்காரருக்குக் கை துறுதுறுத்தது. மறு வாரம், இறந்தவளின் தங்கையை வரச்சொல்லி, அக்காளின் பட்டையும் நகையையும் போட்டு உட்காரவைத்தார். பழைய தகட்டில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுந்திருந்தது. அதனால் இவளுக்கும் வலப்பக்கத்துச் சன்னலுக்குத் திரை போட்டார். தலையளவு ஒத்துவர, உச்சியும் மோவாயும் எங்கே நிற்க வேண்டும் என்று படப்பெட்டியின் பின்கண்ணாடியில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினார்.

ஒட்டும் வேலை எனக்கு. தங்கையின் தலையைக் கறுப்புத் தாளால் மறைத்து முதலில் உடம்பை வெயிலில் ஏற்றினேன். பிறகு அதே தாளில் கொழும்புக்காரர் மனைவியின் தகட்டை வைத்து, முகத்தைத் தவிர எல்லாவற்றையும் மறைத்தேன். வெட்டின ஓரம் கோடாக விழாமலிருக்க, மறைப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சேருமிடம் அட்டிகைக்குள் மறைந்துவிட்டது. தங்கம் கரைத்த தண்ணீரில் போட்டு நிறம் நிறுத்திக் கழுவினேன். அந்த அச்சையே அவர் மறுபடி படம் பிடித்து ஒரே தகடாக்கினார்; அதிலிருந்து எடுத்து, அதேபோல் தங்கத்தில் போட்ட அச்சுதான் கல்லிடைக்குறிச்சிக்குப் போனது.

வேலை நடுவே கேட்டேன். “அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

“கேட்டா மாட்டேன்னுல்லா சொல்லுவா.”

“அப்பம்?”

“அதான் கேக்கல. ஏட்டி, அவ முகம் தேஞ்சா போயிரும்?”

வெயில் போய்விடப் போகிறதே என்று சட்டத்தைத் திருப்பி வைத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கல்லிடைக்குறிச்சி போயிருக்கிறாள். ஆற்றுத் துறையில் குளித்து ஏறும்போது ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து, “அம்மா” என்று காலைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாலேயே வந்த பெண் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். அது இறந்தவளின் தங்கை. அவளே வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள்.

“எனக்கு மால போட்டிருக்கு, யக்கா. வெளக்கு எரியுது. என் நெத்தியில சந்தனம் வச்சிருக்காக. எம் புருசன் கடலுக்கு அங்கன இருக்காரு. உசிரோட இருக்கவளுக்கு எதுக்கு வெளக்கு? எறக்குங்கன்னா, அந்த மனுசன் கதவச் சாத்திட்டாரு.”

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “அது உம் படம் இல்ல தாயி. சேல வேற, நக வேற…”

“முகம் யாருது, அண்ணாச்சி?”

அன்று மத்தியானமே அவர் அந்த ஒட்டுத் தகட்டைச் சோடா உப்புக் கலந்த வெந்நீரில் போட்டார். மருந்துப் பூச்சு தோல்போல உரிந்து வந்தது. வாசல் பெட்டியிலிருந்த படத்தையும் எடுத்து அவளிடமே கொடுத்தார். ஆனால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். அச்செடுத்த கை என்னுடையது. நான் போனேன்.

அவளும் நானும் ரயிலில் போய்க் கல்லிடைக்குறிச்சியில் இறங்கினோம். வியாபாரி கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டு, சுவரிலிருந்த படத்தைப் பார்த்துத்தான் பேசினார். “இது எம் பொஞ்சாதி. நீங்க யாரு?”

அவள் தன் புருஷனோடு எடுத்த படத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தங்கைதான் வாங்கிப் பார்த்துவிட்டு, பைய சொன்னாள்.

“அத்தான், நம்ம அக்கா மூக்கு எப்படி இருக்கும்?”

“ஏன், இங்கன இருக்குல்லா?”

“இது இவ மூக்கு. நம்ம அக்காளுக்கு?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் பார்வை முதலில் போனது படத்துக்குத்தான்.

“எனக்கும் வரல, அத்தான்,” என்றாள் தங்கை. “கூடப் பொறந்தவ. கண்ண மூடினா இந்தப் பொண்ணு முகந்தான் வருது. நெசமாவே ஒத்துமை இருந்துதா? நீங்க சொன்னீக, நாங்க ஆமான்னோம்.”

பிள்ளை ஒருதரம் படத்தைப் பார்த்தது, ஒருதரம் வாசலில் நின்றவளைப் பார்த்தது. எங்கே போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது.

கடைசியில் அவரே மாலையைக் கழற்றினார். “முகத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க. சேலையும் நகையும் அவளுது,” என்றார்.

தங்கை கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள். மிச்சத்தை அவர் சட்டத்தில் போட்டு, மறுபடி மாட்டி, மாலையையும் போட்டார். அட்டிகைக்கு மேலே பின்பலகை தெரிந்தது.

திரும்பும்போது அவள் தன் முகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். “இத என்ன செய்ய, யக்கா? எரிச்சா எனக்குக் கொள்ளி வச்ச மாதிரி. ஆத்துல விட்டா சாம்பல் கரைச்ச மாதிரி. வீட்டுல வைக்கவும் பயமாருக்கு.”

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கறுத்துப்போன தகட்டை வெளுக்கவைக்கும் மஞ்சள் மருந்து எங்களிடம் இருந்தது. கடைக்கு வந்ததும் அதைப் பீங்கான் தட்டில் ஊற்றி, அட்டையிலிருந்து தாளை உரித்து, அவள் கண்முன்னாலேயே போட்டேன். கன்னம் முதலில் போயிற்று. பிறகு நெற்றி, உதடு. வெளுத்த இடமெல்லாம் முன்னே போகும், கறுத்த இடம் கடைசியாக. அதனால் முகமில்லாமல் இரண்டு கண்கள் மட்டும் நெடுநேரம் தண்ணீருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.

கண்களும் போயின. ஆனாலும் தாள் சுத்தமாக வெளுக்கவில்லை. சாயத்துணி வெளுத்த மாதிரி ஒரு நிழல் நின்றது. இன்னும் மருந்து ஊற்றினேன். அசையவில்லை.

“போகலயே, யக்கா.”

“தங்கத் தண்ணியில போட்டது. வெள்ளி கரையும், தங்கம் கரையாது.”

அவள் குனிந்து பார்த்தாள். “இத யாரும் பாத்து நான்னு சொல்லமுடியாதுல்லா?”

“சொல்லமுடியாது.”

“நீ சொல்லுவியே,” என்றாள்.

ஆமாம். கழுவின தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அந்த முகத்தை மணிக்கணக்காக வெயிலில் காத்து வளர்த்தவள் நான். எந்த இடத்தில் கண், எந்த இடத்தில் உதடு என்று எனக்குத் தெரிந்தது.

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.