ஒற்றை மூக்கு

சுத்தியல் என்று அவனை அழைத்ததற்கு அவனுடைய முஷ்டியே காரணம். ஐம்பது வயதாகியும் அது மாறவில்லை. அக்காவின் மதுக்கடையில் பத்து வருடம் வாசலில் நின்று, தள்ளாடி வம்பிழுத்தவர்களைப் படிக்கட்டில் உருட்டிவிட்டவன். அப்புறம் உள்ளே வந்து, விஸ்கியை முகர்ந்து பார்த்து, எந்தத் தின்பண்டத்துக்கு எந்த விஸ்கி ஜோடி என்று சொல்லும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டான். கண்ணாடிக் குவளையை முகத்தருகே கொண்டுபோகும்போது தலையை இடதுபுறம் சாய்ப்பான். வாடிக்கையாளர்கள் அதை நிபுணனின் தோரணை என்று நினைத்துக்கொண்டார்கள். வலது நாசி அடைந்துபோனதால்தான் சாய்க்கிறான் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அந்த மூக்கை உடைத்தவர் அத்தான். அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டுவந்த நாளில் சுத்தியல் அவரை வாசலிலேயே அடித்தான். அவரும் கைக்குக் கிடைத்த பூட்டால் திருப்பி அடித்தார். கல்யாணம் நடந்தது, மூக்கு கோணியது. அத்தான் சமையலறைக்கு வந்தார், இவன் குவளைகளுக்கு வந்தான். இருவரும் பேசிக்கொள்வார்கள், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள்.

அக்கா போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் பல்லை இவன் உடைத்தபோது ஒன்றே ஒன்று சொல்லியிருந்தாள். "தம்பி, இனிமே ஒரு தடவை கை ஓங்கினா, அந்த மேஜைக்குப் பின்னாடி உனக்கு இடமில்ல. சாவியைக் குடுத்துட்டுக் கீழ இறங்கிடணும். ரத்த உறவுன்னு எனக்குள்ள ஒரு மூலையில இருக்கறதையும் யோசிச்சுத்தான் சொல்றேன்."

அந்த மேஜையைத் தவிர அவனுக்கு வேறு உலகம் இல்லை. வீடு என்பது உறங்கும் அறை, அவ்வளவுதான்.

அன்று மதியம் இறக்குமதிக்காரர் தன் ஆட்களோடு வருவதாக ஏற்பாடு. புட்டிகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர், கடைகளில் அவற்றை ருசிபார்க்கும் கூட்டம் நடத்துபவர். சுத்தியல் வரிசையை முன்கூட்டியே முடிவு செய்திருந்தான். முதலில் உப்பு பாதாமும், தேன்வாடை வீசும் மென்மையான விஸ்கியும். உப்பும் எண்ணெயும் கசப்பை மட்டுப்படுத்தும், இனிப்பு தானாக மேலே வரும். அடுத்து புகையூட்டிய கானாங்கெளுத்தி மீன். அதற்குச் சதுப்பு மண்ணை எரித்துப் பார்லியைக் காயவைத்த, கரும்புகை வாசம் கொண்ட விஸ்கி. கடைசியில் கறுப்புச் சாக்லேட்டும், திராட்சை மது இருந்த பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியும். காகிதத்தில் பார்த்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை.

விருந்தாளிகள் உட்கார்ந்து பாதாமைக் கொறித்துக்கொண்டிருந்தபோது, அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். மீனுக்கான குவளைகளின் வரிசைக்கு முன்னால் அத்தான் தேக்கரண்டியுடன் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு குவளையிலும் தண்ணீர் விட்டார்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான். இது பீப்பாய்ல இருந்தது இருந்தபடி, தண்ணி கலக்காம அடைச்சது. நாக்கு எரிஞ்சிரும்னு..."

"என் சரக்குல தண்ணி ஊத்துறீங்களா? என் மேஜைல?" குவளைகளை அப்படியே வழித்துத் தொட்டியில் தள்ளினான். கண்ணாடி சில்லுசில்லாகத் தெறித்தது. புதிதாக ஊற்றினான், ஒரு சொட்டு தண்ணீர் விடவில்லை. பிறகு மீனை எடுத்து மோந்தான். "இதுல புகையே இல்ல. வெந்த மீனாட்டம் இருக்கு. திரும்பப் புகைப்பெட்டிக்குள்ள போடுங்க."

"போதும் மச்சான், பதமா இருக்கு."

"போடுங்கறேன்!"

அத்தானின் கழுத்துக் காலரைப் பிடித்துப் புகைப்பெட்டியின் மேல் அழுத்தினான். தகரம் சுட்டது. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஈரமான மரத்தூளை அள்ளிப் போட்டார். காற்றுத்துளையைச் சுத்தியலே அடைத்தான், புகை வெளியே வீணாகக் கூடாது என்று. நல்ல புகை மெல்லியதாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடைபட்டால் கரி மீனில் படிந்து கசக்கும். இது இருவருக்குமே தெரியும். ஆனால் ஒருவனுக்கு அன்று எதுவும் மண்டையில் ஏறவில்லை, இன்னொருவருக்குப் பேச வாயில்லை.

மீன் வெளியே வந்தபோது பித்தளை நிறம் தாண்டிக் கறுத்திருந்தது. சுத்தியல் தலையைச் சாய்த்து முகர்ந்தான். வாசம் பிடரி வரை ஏறியது. "இதுதான் மீன்," என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது.

மேஜையில் முதல் வாய் எடுத்தவர் கண்களை மூடினார். இரண்டாமவர் துணியில் துப்பினார். உப்புக் கரிக்கும் மீனின் மேல் காரமான விஸ்கி பட்டதும் நாக்கு நெருப்பாய் எரிந்தது. புகையோடு புகை சேர்ந்து ருசியெல்லாம் சாம்பலாகிவிட்டது. எது மீன், எது விஸ்கி என்று யாருக்கும் புரியவில்லை.

இறக்குமதிக்காரர் குவளையைத் தள்ளி வைத்தார். "ஆஷ்ட்ரேயை நக்கின மாதிரி இருக்கு."

அக்கா ஓடிவந்து நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தாள். கையில் கிடைத்தது சர்க்கரைப் பாகில் ஊறிய கேக். சாக்லேட்டை விட்டுவிட்டு அதை வைத்தாள். அத்தனை இனிப்புக்கு மேல் எந்த விஸ்கியைக் குடித்தாலும் அது மெலிந்து, கசந்து, வெறும் மரத்துண்டாகத்தான் தெரியும். அவர்கள் கடைசி விஸ்கியையும் குடித்துவிட்டு முகம் சுளித்தார்கள்.

"அண்ணே," என்றார் இறக்குமதிக்காரர், பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டி, "மூக்கு இருந்தாத்தானே மோந்து பாக்க முடியும். இங்க அது கோணலால்ல ஒட்டியிருக்கு?"

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சுத்தியலின் கை அவருடைய தாடையில் இறங்கியது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவரை எழவிடாமல் சட்டையைப் பிடித்துத் தூக்கி மேஜையில் மோதினான். பாதாம் கிண்ணம் உருண்டது. அவருடைய ஆள் ஒருவன் புட்டியால் அடித்ததில் சுத்தியலின் உச்சந்தலை பிளந்தது. கிழிந்த இடத்தில் விஸ்கி வழிந்து பாய, அவன் மாடு போல் கத்தினான். கத்திக்கொண்டே அடித்தான். வந்தவர்கள் மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கினார்கள்.

அத்தான்தான் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"விடுங்க! உங்க மீனாலதான்!"

"என் மீனா? மச்சான், நல்லாக் கேட்டுக்கோ. பொறுத்துப் பொறுத்து எனக்கும் போதும்னு ஆயிருச்சு. உனக்கு மெல்லிசு எதுவும் வாசம் தெரியாது. நான் உடைச்ச மூக்குடா அது! காட்டமா இருந்தாத்தான் உனக்குள்ள போகுது. அதனால எல்லாத்தையும் காட்டமாவே கேக்கற. இத்தனை வருஷமும் நான்தான் புகையைக் குறைச்சு, தண்ணி ஊத்தி, உன் ஜோடியெல்லாம் ஜோடியாக்கிக் குடுத்தேன். ஒருத்தனாவது உங்கிட்டச் சொன்னானா? உன் கையைப் பாத்து எவன் சொல்லுவான்?"

சுத்தியலின் ஞாபகத்தில், பாராட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவற்றில் எத்தனை ருசியால் சிரித்தவை, எத்தனை பயத்தால் சிரித்தவை என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு வழியில்லை. அத்தான் சொன்னது உண்மை என்று தெரிந்த நொடியில்தான் அவன் அடித்தான்.

நேராக மூக்கில்.

எலும்பு முறியும் ஓசை சிறியது, ஈரக் குச்சி ஒடிவது போல. அத்தான் புகைப்பெட்டியில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்து ரத்தம் கானாங்கெளுத்தித் தட்டில் சொட்டியது.

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஈரத்துணியை எடுத்துவந்து கணவனின் மூக்கில் வைத்து அழுத்தினாள். பிறகு தம்பியைப் பார்த்துக் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே திறந்திருந்தது.

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றுவதற்கு அவனுக்கு நேரமாயிற்று. விரல்கள் வீங்கியிருந்தன.

"இந்த வீட்டுல மோந்து பாக்கறதுக்கு ஒரு மூக்கு இருந்துச்சு," என்றாள் அவள். "அதையும் முடிச்சிட்ட. போ தம்பி."

படிக்கட்டில் பாதாம் சிதறிக் கிடந்தது. ஓடியவர்களின் செருப்பில் ஒட்டி வந்து நசுங்கியிருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டான். தலையிலிருந்து வழிந்த ரத்தமும் உதட்டில் சேர்ந்துகொண்டது. உப்பு மட்டும் தெரிந்தது. இன்னொன்றை எடுத்துத் தலையை இடதுபுறம் சாய்த்து, மூக்கருகே வெகுநேரம் பிடித்திருந்தான்.

மேலே அத்தான் வலியில் முனகுவது தெளிவாகக் கேட்டது. காதில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை.