பிரியாணிக்குப் பின்னால் மங்கலாக

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையில் எனக்கு டிசைன் வேலை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்து முடிப்பவன் நான். மாமாவின் கண்ணீர் அஞ்சலி போர்டையும் நான்தான் செய்தேன். அக்கா அதைத் தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மாமாவும் அக்காவும் தொழிற்பேட்டை வாசலில் பிரியாணிக் கடை வைத்திருந்தார்கள். மாமா மார்வலியில் போன பிறகு கடை பூட்டியே கிடந்தது. ஷிஃப்ட் முடிந்து வரும் ஆட்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பரோட்டாக் கடைக்கு நடந்துவிடுவார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்த வழக்கமே நிலைத்துவிடும் என்று எனக்குப் பயம். அக்காவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "புது போர்டு மாட்டிட்டுத்தான் தொறப்பேன். பிரியாணி படம் பெருசா, ஆவி பறக்கறாப்ல இருக்கணும்."

இப்போதெல்லாம் படத்துக்குப் பிரியாணி தேவையில்லை. வேண்டியதை எழுத்தில் சொன்னால் கம்ப்யூட்டர் வரைந்துவிடும். எழுதிக் கொடுக்கும் அந்த வாசகத்துக்குப் பெயர் பிராம்ப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். ஒரு தட்டு பிரியாணி, மேலே ஆவி, ஜன்னல் வெளிச்சம், தட்டு மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து மங்கலாக. எழுதி முடித்து, படம் வந்ததும் பெருமையாகத் திருப்பிக் காட்டினேன்.

"இது யார் வீட்டு பிரியாணி?" என்றாள்.

நீள நீளமான பாஸ்மதி, நடுநடுவே மஞ்சள். ஆவி என்று பார்த்தால் தொழிற்சாலைப் புகைபோக்கி தோற்றது. ஜன்னல் வெளிச்சம் கேட்டதற்கு ஒரு முழு ஜன்னலையே திரைச்சீலையோடு வைத்திருந்தது. 'ஜன்னல் வேண்டாம்' என்று சேர்த்தேன். அடுத்த படத்தில் இரண்டு ஜன்னல். வேண்டாம் என்று சொல்வதற்கும் அந்தப் பெயரை எழுதத்தானே வேண்டியிருக்கிறது, அது பெயரை மட்டும் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் ஜன்னல் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, 'இடது பின்பக்கத்திலிருந்து மென்மையான பகல் வெளிச்சம், பின்னால் இருட்டு' என்று எழுதினேன். ஆவி பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால்தான் தெரியும், அதுவும் இருட்டுக்கு எதிரே. அப்படி எழுதியதும் மெல்லிய இழையாக அழகாக எழுந்தது.

அரிசிக்கு அக்காதான் வழி சொன்னாள். "சீரக சம்பாடா. குட்டையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கும். நெறம் செவப்பு இல்ல. புதினா கொத்தமல்லி அரைச்சு ஊத்தறதால பச்சையும் பழுப்புமா இருக்கும். கறித்துண்டு பாதி சோத்துக்குள்ள பொதைஞ்சு கெடக்கணும். உங்க மாமா அப்படித்தான் வைப்பாரு. மேல அடுக்கிக் காட்டறது பிடிக்காது அவருக்கு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். படம் நெருங்கி வந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள். தட்டு புதுசு, வெங்காயம் பெருசு, ஆவி போதாது. எனக்கு எரிச்சல் ஏறியது. இவள் படத்தைத் தேடவில்லை, கடை திறக்கும் நாளைத் தள்ளிப் போடுகிறாள் என்று தோன்றியது. சொல்லியும் விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. லேப்டாப்பின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"பின்னால ஒரு ஆளு நிக்கறாப்ல வரையுமா?"

"எந்த ஆளு?"

"மங்கலா இருந்தா போதும்டா. மூஞ்சி தெரிய வேணாம். கொஞ்சம் ஒசரமா, சட்டைக் கைய முழங்கை வரைக்கும் மடிச்சு வுட்டுக்கிட்டு."

தட்டச்சு செய்தேன். பின்னணியில், குவியத்துக்கு வெளியே மங்கலாக, உயரமான ஒரு ஆண், மடித்துவிட்ட சட்டைக் கை. படம் வந்தது. முன்னால் பச்சைப் பழுப்புப் பிரியாணி, ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக. ஆவிக்குப் பின்னால் இருட்டில் ஒரு நிழலுருவம், தோள்பட்டை லேசாகச் சரிந்து நின்றது. மாமாவேதான்.

அக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இன்னும் கொஞ்சம் தெளிவா ஆக்கேன்."

"வேணாங்க்கா. அது மாமா இல்ல."

"தெரியும்டா. கொஞ்சம் மட்டும்."

"அது எங்கேயிருந்து அவரு மூஞ்சிய எடுக்கும்? அதுக்குத் தெரியாதே."

"ஆக்குடான்னா."

பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாற்றி எழுதினேன். வந்தது. யாரோ ஒரு மனிதன். நல்ல மூக்கு, வெட்டிச் சீர் செய்த தாடி, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா சட்டென்று பின்னால் நகர்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியிலும் நான் அப்படி ஒரு அழுகையைப் பார்க்கவில்லை. நான் லேப்டாப்பை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மங்கலா இருந்த வரைக்கும் அவரா இருந்தாரு." பிறகு, "படத்துல இருக்கறத நான் எப்படிடா ஆக்கிப் போடறது? நான் ஆக்கறத நீ படம் எடு."

மறுநாள் வியாபாரத்துக்கு இல்லாமல் படத்துக்கென்று மட்டும் கடைப் பூட்டைத் திறந்து, ஒரு சின்னக் குண்டானில் தம் போட்டாள். எங்கள் ஃபிளெக்ஸ் கடையின் கேமராவை வாங்கிக்கொண்டு போனேன். எழுதி வைத்திருந்த பிராம்ப்ட்டையே வரிசையாகப் பார்த்து வேலை செய்தேன். மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்து, வெளிச்சம் இடது பின்பக்கமாக விழும்படி வைத்தேன். கண்ணாடியில் வெள்ளை வேட்டி கட்டி வெளிச்சத்தைத் தணித்தேன். பின்னால் இருப்பதெல்லாம் மங்கும்படி லென்ஸை முழுக்கத் திறந்து, முன்வரிசை அரிசியில் குவியம் வைத்தேன். அதற்குள் ஆவி அடங்கிவிட்டது. தட்டில் வைத்த சோறு ஒரு நிமிடம்கூட ஆவி பறப்பதில்லை.

"திரும்ப வை அக்கா. நீ வைக்கிற நேரத்துலேயே எடுத்துடறேன்."

அவள் மூடியைத் திறந்து, கரண்டியால் அள்ளித் தட்டில் சரித்துவிட்டு, விலகாமல் குண்டானோடு அப்படியே பின்னால் நின்றாள். புடவையில் எண்ணெய் தெறிக்காமலிருக்க மாமாவின் பழைய சட்டையை மேலே போட்டிருந்தாள். அடுப்படியில் நிற்கும் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். கை நீளம் என்பதால் முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள். தள்ளிப் போ என்று சொல்ல நேரமில்லை. அமுக்கிவிட்டேன்.

பின்னால் அவள் மங்கலாக விழுந்திருந்த அந்தப் படத்தைத்தான் போர்டாக அடித்தோம். கடை திறந்த அன்று மத்தியான ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டம் வந்தது. பாகலூரிலிருந்து வேலைக்கு வரும் ஒருவர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர், மாமாவுக்கு நெருக்கம். போர்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"சென்னாகிதெ அக்கா, ரொம்ப நல்லா இருக்குது. அண்ணாவையும் பின்னால நிக்க வெச்சிட்டீங்களே. பழைய ஃபோட்டோவா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஆமாண்ணா," என்றாள் அவரிடம். "அவருதான்."

சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.