கரடிக்குரல்

மேலட்டை கிழிந்துபோன ஒரு கதைப்புத்தகம் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது. முடிவெட்டிக்கொள்ள சலூனுக்குப் போகும் கரடியின் கதை. கரடிக்கு முடி வெட்டுவது ஓர் எலி. சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்பா மூன்று மணிவாக்கில் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அதைப் படிப்பார். எனக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு ஐந்து.

கதை எங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏன் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். வீட்டில் அப்பா அதட்டினால் மறுபேச்சு கிடையாது. அவ்வளவு பெரிய மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எலியாகக் கீச்சிடுவார். உடனே தாடையைக் கழுத்தோடு அழுத்தி, வாயை ஒரு பக்கம் கோணி, கரடியாக உறுமுவார். அதற்கு முன் ஒரு நொடி புருவத்தைத் தூக்கிச் சும்மா இருப்பார். வரப்போவது தெரிந்ததால் அந்த நொடியிலேயே எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். தங்கைக்கு மூன்று வயதாக இருந்தபோது, அப்பா முகத்துக்கு வெகு அருகே வந்து உறுமியதில் வீறிட்டு அழுதிருக்கிறாள். அதன்பிறகு அவர் எவ்வளவு கோணினாலும் கண்ணில் மட்டும் சிரிப்பை விட்டுவைப்பார். தங்கை முதலில் அந்தக் கண்ணைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், நான் சிரித்தால் அவளும் சிரிப்பாள். பக்கம் முடிந்ததும் முகம் நேராகி, "அப்புறம் என்னாச்சு?" என்று தன் சொந்தக் குரலில் கேட்பார். அந்தக் குரல் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் கரடியைப் பார்த்துச் சிரித்தோம். இது அன்று எனக்குத் தெரியாது.

அது ஒரு சனிக்கிழமை. எலி கத்தரிக்கோலை எடுக்கும் இடத்தில் அப்பாவின் வாய் கோணியது. கரடியின் முறை இன்னும் வரவில்லை. முன்னதாகவே வந்ததால் எனக்கு இன்னும் சிரிப்பு. வார்த்தைகள் குழைந்து வந்தன. புத்தகம் வலது கையிலிருந்து நழுவியது. அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவர் ஏதோ சொன்னார். அதே மாதிரி வாயைக் கோணி நானும் சொல்லிக் காட்டினேன். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டதெல்லாம் எங்கள் சிரிப்பு மட்டும்தான்.

முதலில் நிறுத்தியவள் தங்கை. அவள் வழக்கம்போல் அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவள் என்னை நம்பவில்லை. "அப்பா, போதும்ப்பா" என்றாள். முகம் நேராகவில்லை. அவள் அடுப்படிக்கு ஓடி அம்மாவை இழுத்துவந்தபோதும் நான் சிரித்தபடிதான் இருந்தேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பக்கவாதம் என்றார்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. கூடத்தில் இருந்தது நான். கால் மணி நேரமாவது சிரித்திருப்போம். "இப்பத்தான் சார்" என்றேன்.

அப்பா உயிர் பிழைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவும் பழகினார். வாய் நேராகவில்லை, பேச்சு குழறலாகவே நின்றுவிட்டது. சுரங்கத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். ரிடையர் ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு மறுபடி கதை படிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்காமல் இருக்க எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டி வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் ஒரு மதியம், நான்கு வயதான என் மகன் தன் புத்தகம் ஒன்றைத் தாத்தாவின் மடியில் வைத்துப் படிக்கச் சொன்னான். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். யானை பேசும் இடத்தில் புருவத்தைத் தூக்கி ஒரு நொடி நிறுத்தினார். ஒரு புருவம் மட்டும் நன்றாக உயர்ந்தது. தாடையை அழுத்தி உறுமினார். பையன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுபடி செய்தார். அவன், "அப்புறம் சொல்லு தாத்தா" என்றான். கொஞ்சமும் சிரிக்கவில்லை.

"இவனுக்குத் தூக்கம் வருதுபோலப்பா" என்றேன்.

"இல்லடா" என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லாக. "இவன் பொறந்ததுலேர்ந்து என் மூஞ்சி இதான், குரலும் இதான். மாறினாத்தானே சிரிப்பு வரும்."

அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

"அன்னிக்கு அம்மாவக் கூப்பிடுன்னு ஒன்கிட்ட மூணு தடவை சொன்னேன்" என்றார். "நீயும் அதே மாதிரி சொல்லிக் காட்டினே."